2/5 என்றால் எவ்வளவு?

‘பேரிங் மூடியின் எம்8 போல்ட்டுகளை 2/5 கிலோகிராம்-மீட்டர் டார்க்கில் இறுக்கவும்.’

ஈரானில் தயாரான தண்ணீர் பம்ப்புகளின் பராமரிப்புக் கையேடுகளில் இப்படி ஒரு வரி சாதாரணமாக வரும். பாரசீகம் தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் அதைத் தமிழாக்கிவிடலாம். எண்ணைத் தொட வேண்டிய வேலையே இல்லை, அப்படியே எடுத்து வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் தமிழ் ஃபிட்டர் அதைப் பார்த்ததும் ‘ஐந்தில் இரண்டு பங்கு’ என்று படிப்பார். அதாவது 0.4. எழுதிய ஈரானியப் பொறியாளர் சொன்னது இரண்டரை. பாரசீகத்தில் தசமப் புள்ளிக்குப் பதிலாகச் சாய்கோடு போடுவது பள்ளிக்கூடக் கணக்கிலிருந்தே பழகிய வழக்கம். பின்னம் எழுத வேண்டுமானால் அவர்கள் எண்களை மேலும் கீழுமாக எழுதிக்கொள்வார்கள். தசமத்துக்கென்று தனிக்குறி ஒன்று உண்டு என்றாலும், தட்டச்சு செய்பவர்கள் கைக்கு எட்டும் சாய்கோட்டைத்தான் தட்டுகிறார்கள்.

இரண்டரை கிலோகிராம்-மீட்டரை 9.8ஆல் பெருக்கினால் 24.5 நியூட்டன்-மீட்டர். 8.8 தரத்து எம்8 போல்ட்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு சுமார் 25. கணக்கு பொருந்துகிறது. 0.4 என்று எடுத்துக்கொண்டால் 4 நியூட்டன்-மீட்டர்கூட வராது. அது விரலால் திருகிவிட்டுச் சாவியைக் கொஞ்சம் தொட்ட அளவுதான். பம்ப் ஓடும் அதிர்வில் சில நாட்களிலேயே மூடி கழன்றுவிடும். ஒளிநகலில் சாய்கோடு மங்கிப்போய் 25 என்று படித்தவர் நேர் எதிர்ப் பக்கம் போய் விழுவார். 25 கிலோகிராம்-மீட்டருக்கு இறுக்கப் பார்த்தால் அந்த அளவை எட்டுவதற்கு வெகு முன்பே போல்ட்டின் தலை முறிந்து கையோடு வந்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட துண்டைத் துளை போட்டு எடுக்க வேண்டியதுதான்.

பாரசீகக் கையேட்டுக்கும் தமிழ் ஃபிட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஈரானின் தென்கரையில், கீஷ் தீவிலும் ஹொர்மொஸ்கான் மாகாணத்துத் துறைமுகங்களிலும், நம் கடலோர மாவட்டங்களின் மீனவர்கள் பல ஆண்டுகளாகப் படகுகளில் வேலை செய்துவருகிறார்கள். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோதுதான் இது வெளியே பெரிதாகத் தெரிந்தது. இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டு மீனவர்கள். படகு என்றால் எஞ்சின், பம்ப், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்ததுதான். நடுக்கடலில் அவற்றில் ஒன்று நின்றால் கரையிலிருந்து மெக்கானிக் வரமாட்டார். கையில் இருக்கும் புத்தகமோ பாரசீகத்தில் இருக்கும்.

சாய்கோட்டின் கதை இன்னும் முடியவில்லை. ‘பாரசீகத்தில் சாய்கோடு என்றால் புள்ளி’ என்று விதி வகுத்துக்கொண்டு, கணினியில் எல்லாச் சாய்கோடுகளையும் ஒரே தட்டில் புள்ளியாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர் அடுத்த பத்தியிலேயே மாட்டிக்கொள்வார். அங்கே ‘பேரிங் கூட்டின் காலியிடத்தில் 1/3 அளவுக்கு கிரீஸ் நிரப்பவும்’ என்று இருக்கும். இது உண்மையாகவே மூன்றில் ஒரு பங்கு. கிரீஸ் கூடிப்போனால் பந்துகள் அதற்குள் அளைந்து அளைந்து பேரிங் சூடேறும் என்பதால்தான் இப்படி அளந்து வைக்கச் சொல்கிறார்கள். ‘1.3 அளவு’ என்று தமிழில் அச்சானால் அதற்குப் பொருளே கிடையாது. படிப்பவர் ‘நிறைய வை என்கிறார்கள் போல’ என்று நினைத்துக் கூட்டை நிரப்பிவிடுவார்.

அதே பக்கத்தில் தண்ணீர்க் குழாய் ‘1/2 அங்குலம்’ என்று வரும். அது அரை அங்குலம். ‘1/5 அங்குலம்’ என்றும் வரும். ஐந்தில் ஒரு பங்கு அங்குலத்தில் உலகத்தில் யாரும் குழாய் செய்வதில்லை. அங்குலப் பின்னங்கள் 2, 4, 8, 16 என்றுதான் கீழே இறங்கும். எனவே அது ஒன்றரை அங்குலம். கடைசி அட்டையில் ‘1404/6’ என்று இருந்தால் அது தேதி. ஈரானின் சூரிய நாட்காட்டியில் 1404ஆம் ஆண்டு 2025 மார்ச் 21இல் தொடங்கியது. ஆறாவது மாதமான ஷஹ்ரிவர் நம் கணக்கில் 2025 ஆகஸ்ட் 23 முதல் செப்டம்பர் 22 வரை. கிரீஸ் டப்பாவின் காலாவதித் தேதியும் இந்தக் கணக்கில்தான் அச்சாகியிருக்கும்.

ஆகவே ஒரே கோடு ஓரிடத்தில் தசமம், ஓரிடத்தில் பின்னம், ஓரிடத்தில் தேதி. கூட இருக்கும் அலகைப் பார்த்து, அந்தப் பொருள் கடையில் கிடைக்குமா என்று பார்த்து, போல்ட்டின் வலுவைக் கணக்குப் போட்டுப் பார்த்து ஒவ்வொன்றாகத்தான் முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் தீர எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஈரானியர் ஒருவரை அந்த வரியை வாய்விட்டுப் படிக்கச் சொல்வது. இரண்டரை என்றால் ‘தோ ஓ நீம்’ என்பார், அதாவது இரண்டும் பாதியும். ஐந்தில் இரண்டு என்றால் ‘தோ பஞ்சோம்’ என்பார். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை வாய் சொல்லிவிடும்.

எண்களின் உருவத்திலும் தொல்லை உண்டு. பாரசீகப் பூஜ்யம் ஒரு சிறு புள்ளி. எண்ணெய்க் கை பட்ட, மூன்றாவது நான்காவது நகலில் அது மறைந்துபோகும், அல்லது அழுக்குப் புள்ளி பூஜ்யமாகிவிடும். ‘500 மணி நேரத்துக்கு ஒருமுறை’ என்பது 50 ஆனால் எண்ணெய்தான் வீண். 50 என்பது 500 ஆனால் எஞ்சினே வீண். 2க்கும் 3க்கும் இடையில் ஒரு பல் மட்டுமே வேறுபாடு. எழுத்து வலமிருந்து இடமாக ஓடினாலும் எண்ணின் இலக்கங்கள் நம்மைப்போலவே இடமிருந்து வலமாகத்தான் எழுதப்படும். அதனால் ‘60 - 70’ என்று இடைவெளி விட்டுத் தட்டிய வீச்சளவுகள் கணினித் திரையில் சில சமயம் 70 முன்னாலும் 60 பின்னாலுமாகப் புரண்டு நிற்கும். வெப்பநிலையில் இது தெரிந்துவிடும், சிறியதை முன்னால் வைத்துக்கொள்ளலாம். உதிரிப்பாக எண்ணில் இப்படிப் புரண்டால் வேறொரு பாகம்தான் வந்து சேரும். அதனால் உதிரிப்பாக எண்களை மூலக் கோப்பிலிருந்து எடுக்காமல், பாகத்தின் மீது பொறித்திருப்பதைப் பார்த்து எழுதுவதே பாதுகாப்பு.

கருவிகளின் பெயர்களுக்கு வந்தால் வேலை கொஞ்சம் இலகுவாகிறது, சுவாரசியமாகவும் ஆகிறது. பாரசீகத்தில் ஸ்பேனருக்கு ‘ஆச்சார்’ என்று பெயர். இந்தி தெரிந்தவர்களுக்கு ஊறுகாய் நினைவு வரும். இன்றைய ஈரானில் ஊறுகாய்க்கு வேறு சொல் இருப்பதால் அங்கே குழப்பம் இல்லை. பெயரோடு ஒரு சொல் சேரும்போது வகை மாறும். ‘ஆச்சார் தக்த்’ என்றால் தட்டை ஆச்சார், நம் டபுள் எண்ட் ஸ்பேனர் வகை. ‘ஆச்சார் ரிங்கீ’ ரிங் ஸ்பேனர். ‘ஆச்சார் ஃபரான்சே’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் பிரெஞ்சு ஸ்பேனர் என்றாகும். அப்படி ஒன்றைக் கேட்டுக் கடைக்காரரிடம் போனால் சிரிப்பார். அது வாய் அகலத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனர். ‘காக்கை ஆச்சார்’ என்பது வாட்டர் பம்ப் பிளேயர். ராட்செட்டுக்கு அங்கே குழந்தைகளின் கிலுகிலுப்பைக்கு உரிய பெயர். இரண்டும் திருப்பும்போது போடும் சத்தத்தைக் கேட்டால் பெயர் எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

பேரிங்கைக் கழற்றும் புல்லருக்கு அவர்கள் சொல்லும் பெயர் நம் காதில் ஏறக்குறைய ‘புலிகேசி’ என்று விழும். பூலிகெஷ், அதாவது புல்லியை இழுப்பது. புத்தகத்தில் ‘புல்லி இழுப்பான்’ என்று அச்சிட்டால் ஃபிட்டர் புல்லி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பிப்பார். பம்ப்பில் புல்லியே இருக்காது, மோட்டார் கப்ளிங் வழியாகச் சேர்ந்திருக்கும். பட்டறையில் என்ன பெயர் சொல்கிறார்களோ அதுதான் புத்தகத்திலும் வர வேண்டும் என்பதே என் கட்சி. திருப்புளி, குறடு, அரம், உளி, சுத்தியல் எல்லாம் உயிரோடு புழங்கும் சொற்கள். அவற்றைத் தாராளமாக எழுதலாம். டார்க் ரெஞ்ச், பேரிங், ஆயில் சீல், கேஸ்கட் என்பவற்றுக்கு அகராதியிலிருந்து புதுச் சொல் கொண்டுவந்தால், படிப்பவர் கருவிப் பெட்டிக்கு முன்னால் நின்று யோசிப்பார். அந்த யோசனை நேரத்தில் பம்ப் திறந்து கிடக்கும்.

கருவியின் எண்ணையும் போல்ட்டின் எண்ணையும் கலந்துவிடாமல் பார்ப்பது அதைவிட முக்கியம். எம்8 என்பது மரையின் விட்டம். அதன் தலையைப் பிடிக்க வேண்டியது 13 ஸ்பேனர். ஈரானியப் பட்டறையிலும் நம் பட்டறையிலும் பேச்சுவழக்கில் ‘13 போல்ட்’ என்றுதான் சொல்வார்கள். எம்10க்குத் தயாரிப்பைப் பொறுத்து 17 அல்லது 16 வேண்டும். கையேட்டில் ‘போல்ட் 13’ என்று இருந்தால் அது ஸ்பேனர் அளவா மரை அளவா என்று கேட்டுத் தெளிந்து, தமிழில் ‘எம்8 போல்ட், 13 ஸ்பேனர்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

இனி எச்சரிக்கைகள். இங்கே ஒரு புள்ளி இடம் மாறினால் கை போகும். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பாரசீகத்தில் ‘அணியுங்கள்’ என்பது பெபூஷீத், ‘அணியாதீர்கள்’ என்பது நபூஷீத். எழுத்தில் இரண்டுக்கும் முதலில் ஒரே வடிவப் பல்தான். அந்தப் பல்லுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அணியுங்கள். மேலே இருந்தால் அணியாதீர்கள். மற்ற இடங்களில் முன்பின் வாக்கியத்தை வைத்து ஊகிக்கலாம். கையுறை விஷயத்தில் அதுவும் முடியாது, ஏனென்றால் ஒரே கையேட்டில் இரண்டு கட்டளையும் நியாயமாகவே வரும். புதுப் பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றுவதற்காக 110 டிகிரி வரை சூடாக்கி எடுக்கும்போது வெப்பம் தாங்கும் கையுறை கட்டாயம். பம்ப்பை ஓடவிட்டு ஷாஃப்ட்டின் ஆட்டத்தைப் பார்க்கும்போது கையுறை கூடவே கூடாது, துணியின் நுனி சுழலும் ஷாஃப்ட்டில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். மங்கிய நகலை வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர் இங்கே மொழி அறிவை நம்பக் கூடாது. அந்தப் படியில் கையில் என்ன நடக்கிறது, எது சூடாக இருக்கிறது, எது சுழல்கிறது என்பதை நினைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடியாவிட்டால் நல்ல நகல் கேட்டு வாங்க வேண்டும்.

வினைமுற்றில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கையேட்டுப் பாரசீகம் ஆளைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்ல விரும்பும். ‘வெளியேற்று வால்வு பஸ்தே ஷவத்’ என்றால் வால்வு மூடப்பட வேண்டும், அதாவது நீ மூடு. ‘பஸ்தே மீஷவத்’ என்றால் வால்வு மூடிக்கொள்கிறது, அதாவது தானாக நடக்கும் அல்லது வேறு யாரோ செய்வார்கள். நடுவே வரும் ‘மீ’ என்ற சிறு அசை ஒன்றுதான் வித்தியாசம். இரண்டையும் ‘வால்வு மூடப்படும்’ என்று தமிழாக்கினால் படிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். மூடாத வால்வோடு பம்ப்பைத் திறந்தால் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். எனவே முதல் வகை வரும் இடமெல்லாம் ‘வால்வை மூடவும்’ என்று ஆளைக் குறித்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது வகைக்கு ‘வால்வு தானாகவே மூடிக்கொள்ளும்’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எதிர்மறையிலும் இதே கவனம் தேவை. ‘வேண்டாம்’ என்ற சொல்லை ‘தேவையில்லை’ என்றும் எடுத்துக்கொள்ளலாம். ஆபத்து இருக்கும் இடத்தில் ‘கூடாது’ என்றே போட்டுவிடுவது என் வழக்கம்.

எச்சரிக்கைக் கட்டங்களின் தலைப்புகள் நான்கு படிகளாக இருக்கும். முதல் படியான ‘கதர்’ இருந்தால், சொன்னதை மீறினால் உயிர் போகும் அல்லது பெருங்காயம் ஏற்படும் என்று பொருள். ‘ஹொஷ்தார்’ இருந்தால் அப்படி நேரக்கூடும். ‘எஹ்தியாத்’ சிறு காயத்துக்கு உரியது. கடைசிப் படியான ‘தவஜ்ஜோ’ வெறும் குறிப்பு, இயந்திரத்துக்குத்தான் சேதம். தமிழில் அபாயம், எச்சரிக்கை, கவனம், குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மின்மாற்றிக் கம்பங்களில் மண்டையோட்டோடு பார்த்துப் பழகியதால் ‘அபாயம்’ என்றால் எல்லோருக்கும் புரியும். சிக்கல் கடைசிச் சொல்லில். தவஜ்ஜோ என்பதற்கு நேர்ப்பொருள் ‘கவனம்’. அகராதியைப் பார்த்து அப்படியே போட்டால் குறிப்பும் மூன்றாம் படியும் ஒன்றாகிவிடும். பக்கத்துக்கு ஆறு ‘கவனம்’ வந்தால் ஏழாவதை யாரும் படிக்கமாட்டார்கள். முதல் பக்கத்தைத் தொடும் முன்பே இந்த நான்கையும் முடிவு செய்து எழுதி வைத்துக்கொண்டு, கடைசி வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

எச்சரிக்கை எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம். பேரிங் பகுதியில் மூலத்தில் இப்படி வரும்: பேரிங்கை 110 டிகிரிக்குச் சூடாக்கவும், ஷாஃப்ட்டில் ஏற்றவும், பிறகு ஒரு கட்டத்துக்குள், நேரடித் தீயில் காட்டக் கூடாது, 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. வரிவரியாகப் படித்துக்கொண்டே செய்கிறவர் அந்தக் கட்டத்தை எட்டும்போது கேஸ் டார்ச்சை வைத்துப் பேரிங்கை நீலம் பூக்கவிட்டிருப்பார். எஃகு அப்படி நிறம் மாறினால் கடினம் போய்விட்டது என்று பொருள், தூக்கிப் போட வேண்டியதுதான். மூலத்தின் வரிசையை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை உண்டா என்று சிலர் தயங்குவார்கள். எச்சரிக்கை விஷயத்தில் தயங்கவே வேண்டாம். தமிழில் கட்டம் முதலில் வர வேண்டும், சூடாக்கும் படி அதற்குக் கீழே.

படங்களை மறந்துவிடுவார்கள். பாரசீகப் புத்தகத்தில் வரிசைப் படங்களும் வலமிருந்து இடமாக ஓடும். கழற்றுவது வலது ஓரம், மாட்டுவது இடது ஓரம். எழுத்தை மட்டும் தமிழாக்கிவிட்டுப் படங்களை இருந்த இடத்திலேயே விட்டால், மாட்டுவதில் ஆரம்பித்துக் கழற்றுவதில் முடியும். அதைச் சரிசெய்கிறேன் என்று வடிவமைப்பாளர் மொத்தப் படத்தையும் கண்ணாடி பிம்பமாகப் புரட்டினால் இன்னும் மோசம். சுழற்சி அம்பும் சேர்ந்து புரளும், கடிகார முள்ளின் திசை எதிர்த்திசை ஆகிவிடும். மும்முனை மோட்டாரை எதிர்த்திசையில் ஓடவிட்டால் இந்தப் பம்ப் ஓடத்தான் செய்யும், தண்ணீர் மட்டும் சரியாக ஏறாது. வால்வில் அடைப்பு, உறிஞ்சு குழாயில் காற்று என்று எங்கெங்கோ தேடுவார்கள். படங்களை வரிசை மாற்றலாம், ஒவ்வொரு படத்தையும் புரட்டக் கூடாது. அம்புக்குப் பக்கத்தில் ‘மோட்டார் பக்கமிருந்து பார்க்கும்போது’ என்ற சொற்களையும் விட்டுவிடக் கூடாது. வரைவை ஒரு ஃபிட்டரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் நின்று பார்த்தால் அவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “சார், எந்தப் பக்கமிருந்து பாக்கணும்?”

புத்தகம் முழுதும் தமிழாகிவிட்டாலும் இயந்திரம் தமிழாகாது. பலகையில் ரோஷன் என்றும் காமூஷ் என்றும் பாரசீக எழுத்தில்தான் இருக்கும். முதலாவது ஆன், இரண்டாவது ஆஃப். வால்வுத் தலையில் பாஸ் என்றால் திறந்திருக்கிறது, பஸ்தே என்றால் மூடியிருக்கிறது. சிவப்புக் குமிழின் மேல் அவசர நிறுத்தம் என்று எழுதியிருக்கும். அதனால் தமிழ்க் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, பலகையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அது இருக்கும் வடிவத்திலேயே படம் எடுத்து ஒட்டி, பக்கத்தில் தமிழ்ப் பொருளையும் நம் எழுத்தில் அதன் ஒலிப்பையும் போட வேண்டும். ஒலிப்பு எதற்கு என்றால், பக்கத்தில் நிற்கும் ஈரானிய ஆபரேட்டர் ‘காமூஷ்!’ என்று கத்தும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான்.